ஈட்டியது 118 நாள்

அரசு அலுவலகத் தமிழில் விடுப்புக்குப் பல பெயர்கள் உண்டு. தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, ஈட்டா விடுப்பு, மகப்பேறு விடுப்பு, அசாதாரண விடுப்பு. ஈட்டிய விடுப்பில் ஒரு பகுதியை எடுக்காமல் அரசிடமே திருப்பிக் கொடுத்துப் பணமாக வாங்கிக்கொள்வதற்குச் 'சரண்' என்று பெயர். பேச்சில் 'சரண்டர்'. பக்தி இலக்கியம் நடத்துகிறவளுக்கு அந்தச் சொல் முதலில் வேறு எங்கோ கொண்டுபோய்விடும். அடைக்கலம் கேட்டு விழுகிற சொல் அது. இங்கே ஓய்வை ஒப்புக்கொடுத்துவிட்டுப் பாதி மாதச் சம்பளம் வாங்கப் பயன்படுகிறது.

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியதால் எனக்கு வந்து சேர்ந்த ஊதியமில்லாத உத்தியோகம், சொந்தபந்தங்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவது. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் 2025 ஆகஸ்ட் கடைசியில் என் மதினிக்கு எழுதிக்கொடுத்த விடுப்பு விண்ணப்பம் அளவுக்கு வேறெதுவும் என்னை யோசிக்க வைத்ததில்லை.

மதினி என் அண்ணனின் மனைவி. மதுரை மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். வயது 57, பணியில் சேர்ந்து 26 ஆண்டு. எங்கள் அம்மா வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும்போது மருத்துவர் மூன்று மாதம் என்றார். படுக்கையில் பக்கம் திருப்பிவிட வேண்டும், பெட்பேன் வைக்க வேண்டும், பிறகு வாக்கர் பிடித்து நடக்கப் பழக்க வேண்டும். அம்மாவுக்கு 82 வயது.

அண்ணனும் அரசு ஊழியர்தான். வேறு துறை. 2023இல் ஓய்வு பெற்றுவிட்டார், வீட்டில்தான் இருக்கிறார். எனக்குப் பருவ வகுப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. கோடை விடுமுறை உள்ள கல்லூரி வேலையில் ஈட்டிய விடுப்பு மற்ற அலுவலகங்களைப் போலச் சேராது. சனி ஞாயிறும் இரவுகளும் என் பங்கு என்று பேசிக்கொண்டோம். பகலுக்கு யார் என்று யாரும் பேசவே இல்லை. அண்ணன் மருந்து வாங்கி வருவார், ஆட்டோ பிடிப்பார், பில் கட்டுவார். "ஆம்பளப் புள்ளைய வச்சு எப்படிடி அதெல்லாம்" என்று அம்மாவே சொல்லிவிட்டார். மதினி அதற்குள் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஈட்டிய விடுப்பின் கணக்கு எளிமையானது. தமிழ்நாடு அரசின் நிரந்தர ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள். ஜனவரி 1ஆம் தேதி 15, ஜூலை 1ஆம் தேதி 15 என்று பணிப்பதிவேட்டில் முன்கூட்டியே வரவு வைப்பார்கள். எடுத்ததைக் கழித்துக்கொண்டே வருவார்கள். எடுக்காமல் விட்டால் சேரும், ஆனால் 240 நாள் வரைதான். அதற்கு மேல் வரவு வந்தாலும் நிற்காது, காலாவதியாகிவிடும். ஓய்வு பெறும் நாளில் இருப்பில் உள்ள நாட்களுக்கு அன்றைய சம்பளக் கணக்கில் பணம் தருவார்கள். 240 நாள் முழுதாக வைத்திருப்பவருக்கு அது எட்டு மாதச் சம்பளம்.

அண்ணன் அந்த எட்டு மாதத்தையும் முழுதாக வாங்கினார். அந்தப் பணத்தில்தான் மாடி எழும்பியது. "ஒரு நாள் வீணாக்கல" என்று அப்போது எல்லாரிடமும் சொன்னார். உண்மைதான். 34 வருடத்தில் அவர் நீண்ட விடுப்பு எடுத்தது அப்பா இறந்தபோது மட்டும்தான்.

மதினி தன் பணிப்பதிவேட்டின் விடுப்புக் கணக்குப் பக்கங்களை நகலெடுத்து வந்திருந்தார். அதில் இருப்பு 103 என்று இருந்தது. நான் வரிசையாகப் பார்த்தேன். 2025 ஜனவரி வரவு இருக்கிறது, ஜூலை வரவு இல்லை. ஆகஸ்ட் முடியப்போகிறது, இன்னும் எழுதவில்லை. மதினி மறுநாள் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கினார். 118 ஆனது. நீண்ட விடுப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: கணக்குப் பக்கத்தைக் கையில் வாங்கி, ஒவ்வொரு அரையாண்டிலும் ஒரு 15 இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணிப் பார்ப்பது. விட்டுப்போன வரவு தானாகத் திரும்பி வராது. ஓய்வு பெறும் மாதத்தில் தேடினால் அந்த ஆண்டில் அங்கிருந்த எழுத்தர் வேறு ஊரில் இருப்பார்.

எண்ணிப் பார்க்கும்போது அந்தப் பக்கங்களை வாசிக்கவும் வேண்டியிருந்தது. 2000இல் மூத்தவன் பிறந்தபோது மகப்பேறு விடுப்பு 90 நாள், அதோடு ஈட்டிய விடுப்பு 45 நாள். 2003இல் சின்னவள், மறுபடி 90, மறுபடி 30. அன்று மகப்பேறு விடுப்பு அவ்வளவுதான். 2011இல் அது ஆறு மாதமாகி, 2016இல் ஒன்பது மாதமாகி, 2021 ஜூலையிலிருந்து ஓர் ஆண்டாகியிருக்கிறது. இன்று சேரும் இளம்பெண்ணுக்கு அரசே தரும் நாட்களை மதினி தன் சேமிப்பிலிருந்து போட்டுக்கொண்டார். அப்புறம் 17 நாள்: பையனுக்கு அம்மை. 12 நாள்: அதே அம்மை மகளுக்கு. 40 நாள்: என் அப்பாவின் கடைசி நாட்கள். 20 நாள்: மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. பதிவேட்டில் காரணம் எழுதியிருக்காது, தேதிகள் மட்டும்தான். தேதியைப் பார்த்துப் பார்த்துக் காரணத்தை நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன், ஏனென்றால் எல்லாம் எங்கள் வீட்டில் நடந்தவை. 26 வருடத்தில் மதினி தனக்கென்று எடுத்ததாக எனக்குத் தெரிந்தது ஆறு நாள், ராமேஸ்வரம் போனது. அதிலும் அம்மா கூட வந்தார்.

இந்த இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணனின் 240ஐ ஈட்டியது யார் என்ற கேள்வி வரும். அம்மை போட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்ததால்தான் இன்னொருவர் கணக்கில் நாள் கழியாமல் நின்றது. விதிகள் இருவருக்கும் ஒன்றுதான், அதில் ஆண் பெண் பேதம் கிடையாது. செலவு மட்டும் ஒரே கணக்கிலிருந்து நடந்திருக்கிறது.

மதினியின் அலுவலகத்தில் ஒரு மூத்த எழுத்தர் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொல்லியிருந்தார். "எதுக்கும்மா ஈ.எல்.லத் தொடுறீங்க? மெடிக்கல் போடுங்க." ஈட்டா விடுப்பில் மருத்துவச் சான்றின் பேரில் எடுப்பது ஒரு வகை. 20 ஆண்டுக்கு மேல் பணி முடித்தவருக்கு மொத்தப் பணிக்காலத்துக்கும் 540 நாள் வரை உண்டு. மதினி அதிலிருந்து அநேகமாக எதையும் எடுத்ததில்லை. ஓய்வின்போது அது பணமாகாது. ஆகவே அதை எடுத்துவிட்டுப் பணமாகக்கூடிய ஈட்டிய விடுப்பைக் காப்பாற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம். ஒரே சிக்கல், அந்த விடுப்பு ஊழியரின் சொந்த உடம்புக்கு. மாமியாரின் இடுப்புக்குக் கிடையாது. மதினி தனக்கு முதுகுத்தண்டு தேய்மானம் என்று சான்று வாங்க வேண்டும்.

"பொய்யா என்ன? வலிக்கத்தான செய்யுது" என்றார் மதினி.

வலி உண்மைதான். எக்ஸ்ரே எடுத்தால் தெரியவும் செய்யும். ஆனால் நான் அந்தக் காரியத்தை வேறு மாதிரிப் பார்த்தேன். நோயாளியாக எழுதிக்கொண்டால்தான் ஒரு பெண்ணுக்கு நோயாளியைப் பார்த்துக்கொள்ள நாள் கிடைக்கிறது. அப்படி எழுதிய பிறகு அவர் வீட்டில் செய்யும் வேலை, தூக்குவது, கழுவுவது, இரவில் எழுவது, எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அவர் ஓய்வெடுத்ததாகத்தான் இருக்கும். நடைமுறைச் சிக்கலும் உண்டு. நீண்ட மருத்துவ விடுப்பென்றால் மருத்துவக் குழுவின் முன்னால் போய் நிற்கச் சொல்லலாம். திரும்பச் சேரும்போது உடல் தகுதிச் சான்று வேண்டும். நடுவில் யாராவது அவரைக் கடைவீதியில் பார்த்தால் அலுவலகத்தில் அதுவே பேச்சாகிவிடும். மதினி ஒரு நாள் முழுக்க யோசித்தார். 89 நாள் என்பது ஓய்வின்போது ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம். யோசிக்க வேண்டிய தொகைதான். மறுநாள் காலையில், "ஈ.எல்.லுன்னே எழுது தாயி. படுத்திருக்கிறது அத்தை. எனக்குன்னு எழுதினா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

சொந்த அலுவல் பேரில் ஈட்டா விடுப்பு என்றும் ஒன்று இருக்கிறது. அது பாதிச் சம்பளத்தில். மதினிக்குக் கட்டாது. ஆனால் அந்தப் பெயரைப் பாருங்கள்: சொந்த அலுவல். கணவனின் தாயைப் பராமரிப்பது சட்டத்தின் கண்ணில் மருமகளின் சொந்த அலுவல்.

அந்த ஜூலையில்தான் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்திருந்தது. மத்திய அரசு ஊழியர்கள் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள 30 நாள் விடுப்பு எடுக்கலாம் என்று மாநிலங்களவையில் பதில் சொல்லியிருந்தார்கள். என் தோழிகள் சிலர் புது விடுப்பு வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் மகிழ்ந்தார்கள். படித்துப் பார்த்தால் ஏற்கெனவே இருக்கும் ஆண்டு ஈட்டிய விடுப்பையே இதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதுதான் பதில். எதற்கும் பயன்படுத்தலாம், இதற்கும் பயன்படுத்தலாம். மத்திய அரசில் பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று பணிக்காலத்தில் 730 நாள் 2008 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. அது பிள்ளைகளுக்கு மட்டும். அதை ஏற்காத மாநிலங்கள் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரியில் புவியியல் கற்பிக்கும் ஒரு பெண், எலும்பு நொறுங்கும் பிறவி நோயுள்ள தன் மகனைக் கவனித்துக் கவனித்தே இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்துபோய், பராமரிப்பு விடுப்பு மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனார். 2024 ஏப்ரலில் நீதிமன்றம் பெண்கள் வேலையில் பங்கேற்பது அரசியலமைப்புச் சார்ந்த விஷயம், சலுகை அல்ல என்று சொல்லி, அந்த மாநில அரசு தன் கொள்கையை மறுபரிசீலிக்கக் குழு அமைக்கும்படி உத்தரவிட்டது. அந்த வழக்கைப் படித்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது 'விடுப்பு தீர்ந்துவிட்டது' என்ற ஒரு வரிதான். வழக்கே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இனி தேதிகள். நீண்ட விடுப்பில் தேதியைக் குறிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விடுப்புக்கு நடுவில் வரும் ஞாயிறும் பண்டிகையும் விடுப்பாகவே கழியும். ஆயுதபூஜை, விஜயதசமி, தீபாவளி மூன்றும் மதினியின் விடுப்புக்குள் விழுந்தன; தப்பிக்க வழியில்லை. ஆனால் விடுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் விடுமுறையையும், முடிந்தபின் ஒட்டியிருக்கும் விடுமுறையையும் முன்னும் பின்னும் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். அந்த நாட்கள் கணக்கில் கழியாது. அலுவலகத்தில் ப்ரிஃபிக்ஸ், சஃபிக்ஸ் என்பார்கள். 2025 செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை மிலாதுநபி. 6, 7 சனி ஞாயிறு. ஆகவே மதினி 4ஆம் தேதி வியாழன் மாலை அலுவலகத்தை விட்டுக் கிளம்பலாம். விடுப்பு 8ஆம் தேதி திங்களிலிருந்து. முடிவை டிசம்பர் 5 வெள்ளியில் வைத்தோம். செப்டம்பரில் 23, அக்டோபரில் 31, நவம்பரில் 30, டிசம்பரில் 5, மொத்தம் 89 நாள். 6, 7 மறுபடி சனி ஞாயிறு. 8ஆம் தேதி பணியில் சேர்வார். வீட்டில் இருக்கப்போவது 94 நாள், கணக்கில் போவது 89. விடுப்பை டிசம்பர் 7 ஞாயிறு வரை என்று எழுதியிருந்தால் சும்மா இரண்டு நாள் போயிருக்கும்.

தற்செயல் விடுப்பு நான்கு மிச்சம் இருந்தது. அதையும் முன்னால் ஒட்டிக்கொள்ளலாமா என்று மதினி கேட்டார். முடியாது. தற்செயல் விடுப்பை ஈட்டிய விடுப்போடு சேர்க்க விதியில்லை.

விண்ணப்பத்தை மதினி ஏற்கெனவே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். 'தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை காரணமாக, தாங்கள் கருணை கூர்ந்து' என்று தொடங்கியது. நான் கருணையை அடித்தேன். குடும்பச் சூழ்நிலையையும் அடித்தேன். அது எதையும் சொல்லாத சொற்றொடர். கல்யாணத்துக்கும் அதையே எழுதுகிறார்கள், கணவன் அடித்து முகம் வீங்கியதற்கும் அதையே எழுதுகிறார்கள். மதினி 'பணிவுடன்' மட்டும் இருக்கட்டும் என்றார். இருக்கட்டும். கடைசியில் நின்ற வடிவம் இது:

'பொருள்: ஈட்டிய விடுப்பு 89 நாட்கள் தொடர்ச்சியாக அனுமதிக்கக் கோருதல் – சார்பு.

எனது மாமியாருக்கு (வயது 82) இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டுள்ளது. மூன்று மாத காலம் படுக்கையில் வைத்துப் பராமரிக்க மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார் (மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது). அவரைப் பராமரிக்கும் பொருட்டு, எனது கணக்கில் 118 நாட்கள் ஈட்டிய விடுப்பு இருப்பில் உள்ள நிலையில், 08.09.2025 முதல் 05.12.2025 முடிய 89 நாட்கள் ஈட்டிய விடுப்பு அனுமதிக்குமாறும், 05.09.2025, 06.09.2025, 07.09.2025 ஆகிய விடுமுறை நாட்களை விடுப்பின் முன்னும், 06.12.2025, 07.12.2025 ஆகிய விடுமுறை நாட்களை விடுப்பின் பின்னும் இணைத்துக்கொள்ள அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எனது பொறுப்பில் உள்ள கோப்புகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. விடுப்புக் கால முகவரியும் தொலைபேசி எண்ணும் கீழே தரப்பட்டுள்ளன.'

இதில் இலக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் மதினி அதை இரண்டு முறை வாசித்தார். 'அவரைப் பராமரிக்கும் பொருட்டு' என்ற இடத்தில் நிறுத்தி, "இதை இப்படியே எழுதலாமா?" என்று கேட்டார். 26 வருடமாக எல்லா விடுப்புக்கும் சொந்த வேலை என்றே எழுதி வந்தவர்.

கோப்புகளின் பட்டியலை இணைத்ததற்குக் காரணம் உண்டு. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது, பொதுப்பணியின் தேவையைக் காட்டி எந்த விடுப்பையும் மறுக்கவோ திரும்பப் பெறவோ அலுவலருக்கு அதிகாரம் உண்டு என்று அடிப்படை விதி 67 சொல்கிறது. ஈட்டியது என்று பெயர். எடுக்க அனுமதி வேண்டும். ஆகவே மறுப்பதற்கான காரணத்தை நாமே முன்கூட்டி எடுத்துவிட வேண்டும்: எந்த இருக்கை, என்னென்ன நிலுவை, யார் பார்ப்பார்கள்.

அப்படியும் அலுவலர் முழுதாகத் தர யோசித்தார். முதலில் 30 நாள் போங்கள், பிறகு நீட்டித்துக்கொள்ளலாம் என்றார். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் 31ஆம் நாள் நீட்டிப்பு மறுக்கப்பட்டால் பாதி நடக்கப் பழகிய கிழவியைக் கட்டிலில் விட்டுவிட்டு ஓட வேண்டும்; ஓடாவிட்டால் அனுமதியின்றிப் பணிக்கு வராதவர் ஆகிவிடுவார். ஒவ்வொரு மாதமும் ஒரு புது விண்ணப்பம், ஒரு புதுக் கெஞ்சல். மூன்று மாதத்துக்கும் ஒரே ஆணை என்றால் வீட்டில் ஒரு பெண்ணை உதவிக்கு வைப்பதா, பிசியோதெரபிக்கு எந்த நேரம் என்பதையெல்லாம் திட்டமிடலாம். மதினி இதைச் சண்டையாகப் பேசவில்லை. மருத்துவர் எழுதிய 'மூன்று மாதம்' என்ற வரியில் பென்சிலால் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போனார். நான்காம் நாள் செயல்முறை ஆணை வந்தது. முன்னும் பின்னும் விடுமுறை இணைக்க அனுமதி அதில் தனி வாக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்தார். வாயால் 'போய்ட்டு வாங்கம்மா' என்று சொன்னது விடுப்பாகாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த மூன்று மாதத்தில் நான் சனிக்கிழமைகளில் போய் உட்காருவேன். எங்கள் அம்மா இளவயதில் நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஒரு சனிக்கிழமை விடுப்புப் பேச்சு வந்தபோது, "எங்களுக்கு இருநூத்தி நாப்பது நாள் வேலை பார்த்தாத்தான் லீவுன்னே ஒண்ணு உண்டு" என்றார். அந்த எண்ணைக் கேட்டு நிமிர்ந்தேன். தொழிற்சாலைச் சட்டத்தின்படி ஒரு தொழிலாளி ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் மறு ஆண்டு 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு. சேர்த்துவைக்க முடிந்தது 30 நாள். மகனுக்கு 240 சேமிப்பின் உச்சவரம்பு. தாய்க்கு அது நுழைவாயில். அம்மா எத்தனை வருடம் அந்த வாயிலைத் தாண்டினார் என்று கேட்டேன். "ரெண்டு புள்ளை, ஒரு மாமியா" என்று மட்டும் சொன்னார். மகப்பேறு நாட்களை 12 வாரம் வரை அந்த 240க்குள் சேர்த்துக்கொள்ளச் சட்டம் சொல்லத்தான் செய்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாட்களைச் சேர்க்கச் சொல்லவில்லை. அம்மா கட்டிலில் இருந்த அந்த நவம்பரில், 21ஆம் தேதி, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதில் 240, 180 ஆகியிருக்கிறது. எடுக்காத விடுப்பை ஆண்டு முடிவில் பணமாகக் கேட்கவும் வழி இருக்கிறது.

பணமாக்குவது என்ற அந்தக் கேள்வி மதினிக்கும் வந்தது. ஈட்டிய விடுப்பை ஆண்டுக்கு 15 நாள் சரண் செய்யும் வசதியைத் தமிழ்நாடு அரசு கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் 27இல் நிறுத்தியது. ஐந்தாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. 2025 ஏப்ரல் 28 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்து, அக்டோபர் 1 முதல் மறுபடி வந்தது. மாதத்தை 30 நாளாகக் கொண்டு 15 நாளுக்குப் பாதி மாதச் சம்பளம். டிசம்பர் 8இல் மதினி திரும்பச் சேர்ந்தபோது அவர் இருக்கையைச் சுற்றி இதுதான் பேச்சு. ஆண் சகாக்கள் பலர் 240ஐத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குச் சரண் என்பது எப்படியும் காலாவதியாகப் போகிற நாளை மீட்பது. மதினியிடம் இருந்தது 29. அறுவைச் சிகிச்சைக் கடன் இருந்தது. அண்ணன் ஓய்வூதியத்தில் அடைத்துக்கொண்டிருந்தார். "நீயும் ஒரு பதினஞ்சு சரண்டர் குடுத்தா ஒரு தவணை முடியும்ல" என்றார்.

நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மதினி ஓய்வு பெறுவது 2028 ஜூன் கடைசியில். அதுவரை ஐந்து அரையாண்டு வரவு, 75 நாள். 29ஐயும் சேர்த்தால், ஒரு நாள்கூடத் தொடாமல் இருந்தால் 104. அண்ணனின் 240க்கு 136 குறைவு, நான்கரை மாதச் சம்பளம். இப்போது 15 விற்றால் இன்றைய சம்பளத்தில் விற்பது. வைத்திருந்தால் 2028இன் சம்பளத்தில், இரண்டு மூன்று ஊதிய உயர்வும் அகவிலைப்படியும் ஏறிய பிறகு. உச்சவரம்பில் நிற்பவர் விற்காவிட்டால் நஷ்டம். தூரத்தில் நிற்பவர் விற்றால் நஷ்டம். தவிர, இன்னொரு முறை அம்மா விழுந்தால்? 14 நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சம்பளமில்லாத விடுப்பில் போனால் அடுத்த அரையாண்டு வரவும் குறையும்.

அண்ணன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 136ஐ அவர் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். "இவ்ளோ எப்படிக் கொறைஞ்சுச்சு?" என்று கேட்டார். மதினி பதில் சொல்லவில்லை. நகலெடுத்த பக்கங்களை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு உலை வைக்கப் போனார். அவர் ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். 17 நாள் என்ற இடத்தில், "இது எதுக்கு?" என்றார். கட்டிலிலிருந்து அம்மா சொன்னார், "அவனுக்கு அம்மை போட்டிருந்துச்சுல்ல. நீ அப்ப ஆடிட்டுன்னு மெட்ராஸ்ல இருந்த."

மதினி சரண் கொடுக்கவில்லை. ஜனவரி 1 வியாழன் விடுமுறை. 2ஆம் தேதி வெள்ளி காலையில் அலுவலகம் போனதும் முதல் வேலையாகப் பணிப்பதிவேட்டை எடுக்கச் சொல்லி, வரவு 15ஐத் தன் கண் முன்னால் எழுத வைத்து, கீழே சுருக்கொப்பம் வாங்கினார். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். இருப்பு: 44.